செலவு யாருடையது என்று எழுதிவிடுங்கள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். எங்கள் ஜெர்மன் வாடிக்கையாளர் விசாவுக்காக அழைப்புக் கடிதம் கேட்கிறார். எப்படி எழுதுவது?

பதில்: நிறுவன லெட்டர்ஹெட்டில், அவர் விண்ணப்பிக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தை விளித்து, ஆங்கிலத்தில் ஒரே பக்கம் எழுதுங்கள். அவர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

நோக்கத்தை 'வணிகப் பேச்சு' என்று மொட்டையாக எழுதினால் போதாது. 'எங்கள் ஆலையில் அடுத்த கோடைக்கால டி-சர்ட் மாதிரிகளைப் பார்வையிடவும், விலை பேசி ஆர்டரை இறுதி செய்யவும் வருகிறார்' என்று எழுதுங்கள். இங்கே சம்பளத்துக்கு வேலை செய்யப்போகிறார் என்ற தொனி வந்தால் அது வேறு விசா, சிக்கல்தான். 'மார்ச் முதல் வாரம்' என்பதும் உதவாது. 'மார்ச் 3 முதல் 9 வரை' என்று எழுதுங்கள். விண்ணப்பத்தில் அவர் தரும் தேதியும் அதுவாகவே இருக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது செலவில்தான். 'எல்லாச் செலவும் எங்களுடையது' என்று நீங்கள் தாராளமாக எழுத, 'பயணச் செலவை நாங்கள் ஏற்கிறோம்' என்று அவர் நிறுவனம் கடிதம் கொடுத்தால், அதிகாரிக்குச் சந்தேகம் வரும். விமானக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் அவர்களுடையது, தங்குமிடமும் உள்ளூர்ப் போக்குவரத்தும் உங்களுடையது என்று முதலில் பேசிப் பிரித்து, இரண்டு கடிதத்திலும் அதையே எழுதுங்கள்.

கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, தொலைபேசி எண் அவசியம். தூதரகத்திலிருந்து அழைத்தால் எடுத்துப் பேசக்கூடியவராக அவர் இருக்கட்டும்.