நாள்வாரித் தரவில் பருவச் சுழற்சி

ஒரு நகரின் மூன்றாண்டு தினசரி மின்நுகர்வை எடுத்துக்கொள்வோம். இதில் வாரச் சுழற்சியும் ஆண்டுச் சுழற்சியும் உண்டு. வாரத்திற்கு, ஞாயிறை அடிப்படையாகக் கொண்டால், மற்ற கிழமைகளுக்கு ஆறு 0/1 குறிமாறிகள் போதும். மூன்று சைன், கொசைன் இணைகளும் இதே விடையைத் தரும். எனவே இங்கே லாபமில்லை.

ஆண்டுக்கோ 364 குறிமாறிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் மதிப்பிட மூன்று நாள்களின் அளவுகளே கிடைப்பதால், வரைபடம் தாறுமாறாக ஏறி இறங்கும். மாறாக, t ஆம் நாளுக்கு

```
sin(2πkt/365.25), cos(2πkt/365.25)
```

என்பவற்றை k = 1, 2, 3 எனச் சேர்த்தால், ஆறே கெழுக்களில் கோடை ஏற்றமும் மழைக்கால இறக்கமும் சீரான வளைவாகக் கிடைக்கும்.

ஆனால் தீபாவளி போன்ற ஒருநாள் மாற்றத்தை இவ்வளைவு காட்டாது. உண்மை அளவிலிருந்து கணித்த அளவைக் கழித்து வரைந்தால் அந்நாள் தனித்துத் தெரியும்; அதற்குத் தனிக் குறிமாறி சேர்க்க வேண்டும்.