போர்டு போனால் கடைக்கு எழுதும் கடிதம்

கணினி அசெம்பிள் செய்யப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: நீங்கள் மாட்டிக்கொடுத்த மதர்போர்டு நாலு மாதத்தில் போய்விட்டால், வாடிக்கையாளர் உங்களிடம்தான் வருவார். வாரண்டி கேட்டுக் கடைக்கு எழுதும் கடிதத்தில் அவர் பணம் அடங்கியிருக்கிறது. அதைச் சரியாக எழுதப் பழகுங்கள்.

1. போனது போர்டுதான் என்று முதலில் உறுதி செய்யுங்கள். பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை, போர்டில் DRAM என்ற குட்டி விளக்கு அணையாமல் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ராம் மேலோ போர்டு மேலோ பழி போடாதீர்கள். மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போது பிராசஸருக்குள்தான் இருக்கிறது. பிராசஸர் கெட்டாலும் அதே விளக்கு எரியும். ஆகவே ராமையும் பிராசஸரையும் அதே வகை போர்டு ஒன்றில் போட்டுப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து மாட்டிப் பாருங்கள். எல்லாம் நன்றாக இருந்து, இந்த போர்டில் மட்டும் ஓடவில்லை என்றால்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

2. சாக்கெட்டைப் படம் எடுத்து வையுங்கள். வாரண்டி நிராகரிக்கப்படும் இடம் பெரும்பாலும் அதுதான். எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டில் 1700 மெல்லிய பின்கள் இருக்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று திருப்பிவிடுவார்கள். பிராசஸரை எடுத்ததும் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, நேராகவும் சாய்த்தும் இரண்டு படம் எடுங்கள். பின்கள் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு புள்ளி மட்டும் மங்கினால் அங்கே வளைவு இருக்கலாம். போர்டின் பின்பக்கத்தையும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். அந்த நம்பர் பில்லிலும் அட்டைப்பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

3. கடிதத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்:

“ஐயா, 15.03.2025 அன்று தங்கள் கடையில் வாங்கிய மதர்போர்டு (பில் எண், மாடல், சீரியல் நம்பர்) 20.07.2025 முதல் டிஸ்ப்ளே தரவில்லை. விசிறி சுற்றுகிறது, DRAM விளக்கு தொடர்ந்து எரிகிறது. இதில் இருந்த ராமும் பிராசஸரும் வேறு போர்டில் சரியாக ஓடுகின்றன. எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் பலனில்லை. சாக்கெட் பின்கள் சேதமின்றி உள்ளன. படங்களும் பில் நகலும் இணைத்துள்ளேன். இது 3 ஆண்டு வாரண்டிக்குள் உள்ளது. கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இலவசமாகப் பழுது நீக்கியோ மாற்றியோ தர வேண்டுகிறேன்.”

4. காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள். ‘கரண்ட் ஏறி இறங்கியதால் போயிருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதினால், மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கு வாரண்டி கிடையாது என்று அந்த வரியையே காட்டி மறுப்பார்கள். மின்னல் விழுந்தது உண்மையாகவே தெரிந்தால் அதை மறைக்கவும் கூடாது. தெரியாததை எழுத வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. திட்டும் வேண்டாம், கடிதத்தைப் படிக்கப்போகும் கவுன்டர் பையன் உங்கள் போர்டைச் செய்தவன் இல்லை.

5. ‘சர்வீஸ் சென்டருக்குப் போங்க’ என்று கடைக்காரர் சொன்னால் போங்கள்; ஆனால் கடிதம் அவருக்கும் போகட்டும். வாரண்டி தருவது கம்பெனி என்றாலும் பில் போட்டு விற்றவர் அவர்தான். மின்னஞ்சலில் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

6. போர்டைக் கொடுக்கும்போது சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மாட்டிக் கொடுங்கள். புதிய போர்டில் பிராசஸர் போடும்போது பலர் இதைக் குப்பையில் எறிகிறார்கள். பிறகு வழியில் பின் வளைந்தால் பழி நம்மேல் விழும். ஜாப் ஷீட்டில் சீரியல் நம்பரையும் ‘பின்கள் சரி’ என்பதையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். அது இல்லாமல் போர்டைக் கையை விட்டு விடாதீர்கள்.

7. கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்ற வாய்வார்த்தையை நம்பி அந்த நாட்களைக் கடத்திவிடாதீர்கள். கடை சொல்வதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.