உதகையில் தங்கக் கூழ்மம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து அதில் சோடியம் சிட்ரேட்டை ஊற்றினால், சற்று நேரத்தில் கரைசல் சிவந்துவிடும். தங்கம் நானோமீட்டர் அளவுத் துகள்களாகப் பிரிந்து தண்ணீரில் மிதக்கிறது என்பதுதான் அந்தச் சிவப்பின் பொருள். 1951-ல் டர்கெவிச், ஸ்டீவன்சன், ஹில்லியர் ஆகிய மூவரும் இம்முறையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையோடு விரிவாக ஆராய்ந்தார்கள். சிட்ரேட்டைக் குறைத்தால் துகள் பெரிதாகும் என்பதை 1973-ல் ஃப்ரென்ஸ் அளந்து காட்டினார். இன்று கல்லூரி ஆய்வகங்களில் புழங்கும் செய்முறைத் தாள்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளின் வழிவந்தவை.

அந்தத் தாள்கள் ‘கொதிக்க வை’ என்று சொல்லும்போது 100 டிகிரியை மனதில் வைத்துச் சொல்கின்றன. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் கிட்டத்தட்ட 94. அதோடு நீலகிரியின் ஈரமும் குளிரும் சேரும்போது, சமவெளியில் யாரும் எழுதிவைக்காத சில விஷயங்களை இங்கே கவனிக்க வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

கோல்டு குளோரைடை எடை போடாமல், குப்பி முழுவதையும் கரையுங்கள். இந்த உப்பு காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். மழைக்காலத்தில் தராசில் வைத்த சில நிமிடங்களிலேயே மஞ்சள் படிகங்கள் பசைபோல ஆகிவிடும். தராசு காட்டும் எடையில் தங்கம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 1 கிராம் குப்பியை அப்படியே திறந்து, கழுவிய நீரையும் சேர்த்து 100 மி.லி.க்குக் கரைத்தால் 1 சதவீத இருப்புக் கரைசல் கிடைக்கும். பழுப்புப் புட்டியில் அடைத்து இருட்டில் வைத்தால் நெடுநாள் வரும். உலோகக் கரண்டி மட்டும் உள்ளே போகக்கூடாது. கரண்டியின் உலோகமே தங்கத்தைப் படியவைத்துவிடும்.

கொதிநிலையை விட்டு 90 டிகிரியைப் பிடியுங்கள். என் பார்வையில் மலையில் செய்பவர்களுக்கு இதுவே முதல் விதி. எண்ணெய்த் தொட்டியில் பிளாஸ்க்கை வைத்து, உள்ளே இருக்கும் கரைசலை 90 டிகிரியில் நிறுத்துங்கள். உதகையில் அது கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. கோயம்புத்தூரிலும் அதே 90-தான். இரண்டு ஊர் ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிட வேண்டுமானால் இதைவிட எளிய வழி இல்லை. வினை 90-லும் நன்றாகவே நடக்கும், மெதுவாக நடக்கும், அவ்வளவே. கொதிக்கவைத்துத்தான் செய்வேன் என்றால் கன்டென்சரைப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் நீட்டித்த நேரத்தில் நீர் ஆவியாகிக் கரைசலின் செறிவு ஏறிவிடும்.

நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல் கரைசலில் பாருங்கள். 49.5 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் இருப்புக் கரைசல் 0.5 மி.லி. சேர்த்துச் சூடாக்கி, நன்றாகக் கலக்கிக்கொண்டிருக்கும்போது 1 சதவீத சிட்ரேட் 1 மி.லி.யை ஒரே தடவையில் ஊற்றுங்கள். துளித்துளியாக விட்டால் முதலில் பிறந்த துகளும் கடைசியில் பிறந்த துகளும் வெவ்வேறு அளவாகிவிடும். முதலில் இளமஞ்சள் மறைந்து கரைசல் நிறமற்றுப்போகும். பிறகு சாம்பல் கலந்த நீலம், கருநீலம், கத்திரிப்பூ நிறம், கடைசியில் மாதுளைச் சாற்றின் சிவப்பு. ‘பத்து நிமிடம்’ என்று தாளில் எழுதியிருப்பதைக் கேட்டு கத்திரிப்பூ நிறத்திலேயே அடுப்பை அணைத்தால் வினை பாதியில் நின்றுவிடும். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை சிறிது எடுத்து 520 நானோமீட்டரில் உறிஞ்சலை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் முடிந்தது.

நிறமாலையில் மூன்று இடங்களைப் படியுங்கள். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவது 15 நானோமீட்டராகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். அளவைச் சொல்ல உச்சி, 450, 400 ஆகிய மூன்று எண்களும் வேண்டும். ஓர் உதாரணம்: மேலே சொன்ன அளவில் செய்த கூழ்மத்தை 1 செ.மீ. குவெட்டில் வைத்து, சிட்ரேட் நீரைக் கழித்துப் பார்க்கிறோம். உச்சி 520-ல் 0.86, 450-ல் 0.53, 400-ல் 0.60 என்று வைத்துக்கொள்வோம். உச்சியை 450-ன் எண்ணால் வகுத்தால் 1.62. 2007-ல் ஹைஸ் குழுவினர் வெளியிட்ட அட்டவணையில் 1.61-க்கு நேரே 14 நானோமீட்டர், 1.65-க்கு நேரே 16. ஆகவே நம்முடையது 14-க்கும் 15-க்கும் இடையில். 400-ன் எண் வேறொன்றைச் சொல்கிறது. தங்கம் முழுவதும் உலோகமாகிவிட்டால், 0.5 மில்லிமோலார் தங்கத்துக்கு அங்கே ஏறக்குறைய 1.2 வரும். நம்மிடம் இருப்பது அதில் பாதிச் செறிவு. 0.60 வந்திருப்பதால் தங்கம் வீணாகவில்லை. 0.45 வந்திருந்தால் வினை முடியவில்லை, அல்லது தங்கம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. 0.70 வந்திருந்தால் நீர் ஆவியாகிவிட்டது. இந்த இரண்டாவது கணக்கைப் பலரும் செய்வதில்லை. செய்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அளவை மாற்ற வேண்டுமா? ஃப்ரென்ஸின் கணக்குப்படி இதே 50 மி.லி.க்கு சிட்ரேட் 1 மி.லி. என்றால் 16 நானோமீட்டர், 0.5 என்றால் 41, 0.3 என்றால் 72-ஐ ஒட்டி. சிட்ரேட் குறையக் குறைய ஒரே அளவாக வராது, உருண்டையாகவும் வராது. 40-க்கு மேல் இந்த எண்களை வழிகாட்டியாக மட்டும் வையுங்கள்.

ஒளிச்சிதறலைச் சிவப்பு லேசரால் பாருங்கள். இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கற்றையின் தடம் தெரிவதுதான் டிண்டால் விளைவு. பச்சை லேசரின் 532 நானோமீட்டரைத் தங்கக் கூழ்மம் விழுங்கிவிடும். கற்றை பாதியில் மங்கிப்போவதைப் பார்த்துத் துகளே இல்லை என்று முடிவுகட்டிவிட வாய்ப்புண்டு. 650-ஐ ஒட்டிய சிவப்பு தாராளமாக ஊடுருவும். ஒரு துகள் சிதறடிக்கும் ஒளி விட்டத்தின் ஆறாம் படியாக ஏறுகிறது. அதே அளவு தங்கத்தில் விட்டம் இரட்டித்தால் துகள்களின் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகும், ஒவ்வொன்றும் 64 மடங்கு சிதறடிக்கும். ஆக மொத்தச் சிதறல் எட்டு மடங்கு. அதனால் 15 நானோமீட்டர் கூழ்மத்தில் தடம் மெல்லிசாகவே இருக்கும். ஒப்பிடும்போது தங்கத்தின் செறிவு, குப்பி, லேசர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஒன்றும் நிற்கட்டும். அங்கங்கே மினுமினுத்து நகரும் புள்ளிகள் தூசு. துகளின் தடம் சீரான கோடாக இருக்கும். லேசரைக் கண் மட்டத்தில் வைக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

கத்திரிப்பூ நிறத்தைப் பார்த்ததும் ‘பெரிய துகள்’ என்று எழுதாதீர்கள். 70, 80 நானோமீட்டர் உருண்டைகளும் அந்த நிறம் தரும். 15 நானோமீட்டர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் அதே நிறம்தான். வேறுபாட்டை நிறமாலை காட்டும். பெரிய உருண்டை என்றால் ஒரே உச்சி, 550-ஐ நோக்கி நகர்ந்து சற்று அகன்றிருக்கும். ஒட்டிக்கொண்டவை என்றால் 520-ன் உச்சி குன்றி அங்கேயே நிற்கும், 600-க்கும் 700-க்கும் நடுவில் புதிதாக ஒரு தோள் எழும்பும். கருவி இல்லாத இடத்திலும் ஒரு வழி உண்டு. பெரிய உருண்டைக் கூழ்மம், ஒளி ஊடுருவும்போது கத்திரிப்பூ நிறமும், ஒளி படும் பக்கத்திலிருந்து பார்த்தால் கலங்கிய பழுப்பும் காட்டும். சில நாள் வைத்தால் மெல்ல அடியில் இறங்கும், குலுக்கினால் திரும்பக் கலந்துவிடும். ஒட்டிக்கொண்டது எவ்வளவு குலுக்கினாலும் சிவப்புக்குத் திரும்பாது.

குழாய்த் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் எடுக்காதீர்கள். மலைத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதால் உப்பில்லை என்றாகாது. துகள்களைத் தள்ளித்தள்ளி வைத்திருப்பது அவற்றின் மேலுள்ள சிட்ரேட்டின் எதிர்மின்னூட்டம்தான். உப்பு அதை மறைத்ததும் அவை ஒட்டிக்கொள்ளும். வெள்ளியில் இது இன்னும் மோசம். 1982-ல் லீ, மைசல் தந்த முறைப்படி 500 மி.லி. நீரில் 90 மி.கி. சில்வர் நைட்ரேட்டைக் கொதிக்கவைத்து 1 சதவீத சிட்ரேட் 10 மி.லி. சேர்ப்பார்கள். நீரில் குளோரைடு இருந்தால் சிட்ரேட் சேர்க்கும் முன்பே சில்வர் குளோரைடு பால்போலக் கலங்கிவிடும். அதில் லேசர் தடம் பளிச்சென்று தெரியும். அந்தத் தடத்துக்கும் வெள்ளித் துகளுக்கும் சம்பந்தமில்லை. உதகை இந்து நகரில் 1960-ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் தொழில், வெள்ளி உப்பை ஜெலட்டினில் வேண்டுமென்றே படிகமாக்கிப் படலமாகப் பூசுவதாக இருந்தது. நமக்கு அந்தப் படிகம் வேண்டாத விருந்தாளி. வெள்ளிக்கு நிறத்தை வைத்து அளவு சொல்லவும் முயலாதீர்கள். இம்முறையில் உருண்டையும் குச்சியும் கலந்து வரும், உச்சி 420-ஐ ஒட்டி அகலமாக இருக்கும், நிறம் பச்சை கலந்த கலங்கல் மஞ்சள்.

சிட்ரேட் கூழ்மத்தில் தேயிலைச் சாற்றைச் சேர்க்காதீர்கள். எஸ்டேட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை இயல்பாகவே வரும். தேயிலையின் பாலிபீனால்கள் சூடே இல்லாமல் தங்கத்தைத் துகளாக்கும் என்பது உண்மைதான். அதைத் தனிச் சோதனையாகச் செய்யலாம். ஆனால் சாற்றின் பழுப்பு 450-லும் 400-லும் ஒளியை உறிஞ்சுகிறது. மேலே போட்ட இரண்டு கணக்குமே அதோடு போயிற்று. வகுத்து வரும் எண் குறைந்து, துகள் இருப்பதைவிடச் சிறியதாகத் தோன்றும். வெள்ளியின் மஞ்சளோ அந்தப் பழுப்பில் அடையாளமே தெரியாது.

குளிர்ந்த குவெட்டை அப்படியே கருவியில் வைக்காதீர்கள். மூடுபனி நாளில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குவெட்டின் வெளிச்சுவரில் பத்து எண்ணுவதற்குள் ஈரம் படியும். அது எல்லா அலைநீளத்திலும் உறிஞ்சலை ஒரேயடியாகத் தூக்கிக் காட்டும். 700-க்கு அப்பால், துகள் சிறிதாக இருந்தால், கோடு சுழியத்தை ஒட்டி ஓட வேண்டும். 0.05, 0.1 என்று நின்றால் முதலில் குவெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். டைனமிக் லைட் ஸ்கேட்டரிங் கருவியில் வேறொரு சிக்கல். 12 டிகிரி நீர் 25 டிகிரி நீரைவிடக் கெட்டியானது. மாதிரி சூடேறக் காத்திருக்காமல் 25 என்று கணக்கிட்டால், 20 நானோமீட்டர் துகள் 29 என்று காட்டும்.

டிசம்பர், ஜனவரியில் கூழ்மத்தை சன்னலோரத்தில் விட்டுப் போகாதீர்கள். தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் இரவுகளில் சூடில்லாத ஆய்வக அறையில் சிறு குப்பி உறைந்துவிட வாய்ப்புண்டு. பனிக்கட்டி வளரும்போது துகள்களும் உப்பும் மிஞ்சிய நீருக்குள் நெருக்கித் தள்ளப்படுகின்றன. காலையில் உருகியதும் தெளிந்த நீரும் அடியில் கருநிற வண்டலும்தான் மிஞ்சும். அதை மீட்க வழியில்லை. ஃபிரிட்ஜின் 4 டிகிரி போதும். ஃப்ரீசர் தட்டை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள்.

ராஜ திராவகத்தை மூடிவைக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டிய பழைய தங்கம் அடுத்த முறை விதையாகி அளவைக் கெடுக்கும் என்பதால், பிளாஸ்க்கை மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் கலந்த திராவகத்தில் கழுவுவது வழக்கம். அது குளோரினும் நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களும் விடும். மூடிய புட்டி வெடிக்கும். குளிருக்காகக் கதவு சன்னலை அடைத்திருக்கும் அறையில் இதைத் தொடவே கூடாது. ஃப்யூம் ஹூட் இல்லையென்றால் புது பிளாஸ்க் வாங்கி, அதைத் தங்கக் கூழ்மத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.