அறுபது நாள் கணக்கு: எச்-1பி விசாவில் இருக்கும் பிள்ளைகளும் மாறிவரும் ஐ.டி. வேலையும்

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தன. அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் வீடுகள் அன்றுதான் ஒரு விதியைக் கவனித்தன. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், அங்கே தங்க அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். 2017 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள விதி இது. அதற்கு முன் அந்த 60 நாளும் கிடையாது.

இந்த அவகாசத்தை வேலை தேடும் காலம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது காகிதம் போடும் காலம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

திருவண்ணாமலையில் பள்ளிப்படிப்பும் சென்னையில் கணினிப் பொறியியலும் முடித்த ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். 2023 அக்டோபர் 1-ல் எச்-1பி வேலையில் சேர்ந்தார். வேலை, மென்பொருளைக் கையால் இயக்கிப் பிழை கண்டுபிடிக்கும் மேனுவல் டெஸ்டிங். சம்பளம் பெற்ற கடைசி நாள் 2026 மார்ச் 31. ஏப்ரல் 1 முதல் நாள் என்றால், மே 30 அறுபதாவது நாள். அதற்குள் புதிய நிறுவனம் அவருக்காகப் போடும் எச்-1பி மனு குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை காத்திருக்காமலே புது வேலையைத் தொடங்கலாம்.

மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறையின் சம்பளச் சான்று வேண்டும். அதற்கு 7 வேலை நாள். சான்றிதழ்கள் சேர்த்து வழக்கறிஞர் மனுவைத் தயாரிக்க இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆகவே மே 5 வாக்கில் வேலை உத்தரவு கையில் இருந்தாக வேண்டும். நேர்முகத் தேர்வுகள் நாலைந்து வாரம் இழுப்பது சாதாரணம். அப்படியானால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே தேர்வுகள் தொடங்கியிருக்க வேண்டும். புதிதாக எதையும் படிக்க இதில் எங்கே இடம்?

இன்னொரு தவறும் நடக்கிறது. பணிநீக்கத்தின்போது எட்டு வாரச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்தால், அந்த எட்டு வாரமும் வேலையில் இருப்பதாகப் பிள்ளை நம்பிவிடுகிறார். அந்த ஈட்டுத் தொகை வேலைக்காலத்தை நீட்டாது. வேலை முடிந்த நாள் எது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆக, எந்த வேலைக்கு மாறுவது என்பதைச் சம்பளம் வரும்போதே தீர்மானித்தாக வேண்டும். மேனுவல் டெஸ்டிங்கில் தேய்மானம் திடீரென வருவதில்லை. விலகிப்போனவர்களின் இடம் நிரப்பப்படாது. வாடிக்கையாளர் ஒப்பந்தம் ஓராண்டுக்குப் பதில் மூன்று மாதத்துக்குப் புதுப்பிக்கப்படும். வேலையின் ஒரு பகுதி சென்னை, பெங்களூரு குழுவுக்குப் போகும். அந்தக் குழுவுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு இவர் தலையில் விழும். இவற்றில் இரண்டு தென்பட்டாலே அடுத்த வேலைக்கான தயாரிப்பைத் தொடங்கிவிடலாம்.

எதற்கு மாறுவது என்பதை நண்பர்கள் பேச்சை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. எச்-1பிக்காக எந்த நிறுவனம், எந்த ஊரில், என்ன பதவிக்கு, என்ன சம்பளத்தில் விண்ணப்பித்தது என்ற முழுப் பட்டியலையும் அமெரிக்கத் தொழிலாளர் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக வெளியிடுகிறது. அதில் டெஸ்டிங் வேலைக்கு 15-1253 என்ற எண். மென்பொருள் உருவாக்குநருக்கு 15-1252. தன் ஊர்ப் பக்கத்தில் இந்த இரண்டு எண்களிலும் எத்தனை விண்ணப்பம் என்று நாலு காலாண்டுகளை ஒப்பிட்டால் போக்கு தெரிந்துவிடும். விசா மனுப் போடத் தயாராக இருக்கும் நிறுவனங்கள் எவை என்பதும் அதிலேயே இருக்கிறது. சாதாரண வேலை விளம்பரத்தில் அந்த விவரம் பெரும்பாலும் கிடைக்காது.

டெஸ்டிங்கில் இருப்பவருக்கு மிக அருகிலுள்ள படி, அதே சோதனையை நிரலாக எழுதுவது. ஜாவா அல்லது பைத்தான் மொழி, செலினியம் போன்ற கருவி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனை தானாக ஓடும்படி அமைப்பது. மாலை நேரத்தில் படித்தால் பல மாதம் பிடிக்கும். படித்ததை இப்போதைய வேலையிலேயே சிறிதாகச் செய்து காட்ட வேண்டும். தேர்வு செய்பவர் சான்றிதழைவிடச் செய்த வேலையைத்தான் கேட்கிறார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்-1பி வேலை படித்த பட்டத்தோடு பொருந்த வேண்டும். கணினிப் பட்டதாரி நிரல் எழுதப் போனால் சிக்கல் இல்லை. விற்பனைப் பிரிவு மேலாளராகப் போனால் மனு நிற்பது கடினம். அதே நிறுவனத்துக்குள் வேலையின் தன்மை பெரிதாக மாறினாலும் திருத்த மனு தேவைப்படும். அதை முன்கூட்டியே போட வேண்டும்.

மாறுவதற்கு ஏற்ற காலமும் உண்டு. எச்-1பி மொத்தம் 6 ஆண்டு. நம் உதாரணப் பிள்ளைக்கு அது 2029 செப்டம்பர் 30-ல் முடியும். அதற்கு மேல் நீட்டிக்க, நிரந்தர வசிப்புரிமைக்கான முதல் படியான பெர்ம் விண்ணப்பத்தை நிறுவனம் குறைந்தது 365 நாள் முன்பு, அதாவது 2028 செப்டம்பருக்குள், போட்டிருக்க வேண்டும். அதற்கு முந்தைய வேலைகளுக்கே பல மாதம் ஆவதால், 2027 முடிவதற்குள் தொடங்குவது நல்லது. பெர்ம் விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட வேலைக்கானது; நிறுவனம் மாறினால் புதிதாகப் போட வேண்டும். எனவே முதல் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் மாறி, மாறிய வேலையிலேயே பெர்மைத் தொடங்குவதுதான் என் பார்வையில் சரியான வரிசை. அடுத்த படியான ஐ-140 அங்கீகாரமாகி 180 நாள் கடந்துவிட்டால், பழைய நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் வரிசைத் தேதி பிள்ளைக்கே உரியது. புது நிறுவனம் மூலமும் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கலாம். பலர் ஐந்தாவது ஆண்டுவரை இதைப் பற்றி மேலதிகாரியிடம் வாய் திறப்பதில்லை.

இனி வீட்டாருக்கு. வேலை போன செய்தி வந்ததும், "சும்மாதானே இருக்கிறாய், தங்கச்சி நிக்காஹுக்கு வந்துவிட்டுப் போ" என்று அழைக்கத் தோன்றும். வெளியேறினால் அந்த 60 நாள் அவகாசம் அத்தோடு முடிந்தது. செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு 2025 செப்டம்பர் 21 முதல் ஓராண்டுக்கென வந்தது. அதைக் கட்டி எடுக்க நிறுவனங்கள் தயங்கும். கிளம்பும் முன் அன்றைய நிலை என்ன, பாஸ்போர்ட்டில் உள்ள விசா எந்தத் தேதிவரை என்று வழக்கறிஞரிடம் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

60 நாளுக்குள் வேலை அமையாவிட்டால், கணவன் அல்லது மனைவி எச்-1பியில் இருந்தால் சார்ந்தோர் விசாவுக்கோ, இல்லையேல் பார்வையாளர் நிலைக்கோ மாற அதே கெடுவுக்குள் விண்ணப்பிக்கலாம். பார்வையாளர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது தங்கலாம், வேலை செய்யக்கூடாது. பிறகு வரும் எச்-1பி மனுவிலும் அங்கீகாரம் கிடைத்த பின்தான் வேலையில் சேர முடியும்.

ஊருக்குத் திரும்பினாலும் எல்லாம் அழிந்துவிடாது. 2026-ல் திரும்பும் நம் பிள்ளைக்கு ஆறில் மூன்று ஆண்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை குலுக்கலில் தேர்வானதால், அந்த மிச்சக் காலத்துக்குப் பொதுவாக மறுபடி குலுக்கல் கிடையாது. விசாக் காலம் முடியும் முன் நிறுவனமே வேலையை விட்டு நீக்கியிருந்தால், அவர் ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவை அந்த நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். குடும்பத்தின் டிக்கெட்டுக்கு அது பொருந்தாது.