கல்ச்சர் அறிக்கையில் ‘இ.எஸ்.பி.எல்.’, ‘எம்.ஆர்.எஸ்.ஏ.’ என்றிருந்தால்

கல்ச்சர் அறிக்கையில் கிருமியின் பெயரும், அதன் கீழே மருந்துகளின் பட்டியலும் இருக்கும். மருந்தின் எதிரே ‘எஸ்’ என்றிருந்தால் கிருமி அதற்குக் கட்டுப்படும். ‘ஆர்’ என்றிருந்தால் கட்டுப்படாது. சில அறிக்கைகளில் இவற்றோடு ‘இ.எஸ்.பி.எல்.’ அல்லது ‘எம்.ஆர்.எஸ்.ஏ.’ என்ற குறிப்பும் காணப்படும். நோய் எவ்வளவு கடுமையானது என்பதை இக்குறிப்பு சொல்வதில்லை. எந்த மருந்து பயன்படாது என்பதையே சொல்கிறது.

நீரிழிவு உள்ள 62 வயது அம்மையார் ஒருவர், குளிர்காய்ச்சலுடனும் விலாவில் வலியுடனும் அனுமதிக்கப்படுகிறார் எனக் கொள்வோம். சிறுநீரும் இரத்தமும் கல்ச்சருக்கு எடுக்கப்பட்டபின் செஃப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கப்படுகிறது. மூன்றாம் நாளிலும் காய்ச்சல் தணியவில்லை. இரண்டு கல்ச்சரிலும் ‘ஈ.கோலை, இ.எஸ்.பி.எல்.’ என்று அறிக்கை வருகிறது.

ஈ.கோலை நம் குடலில் இயல்பாக வாழும் கிருமிதான். இந்த வகை மட்டும் பென்சிலினையும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளையும் சிதைக்கும் நொதியைச் சுரக்கிறது. ஆகவே மெரோபெனம் ஊசிக்கு மாற்றுகிறோம். அப்போது குடும்பத்தார், “பிப்பராசிலின்–டாசோபாக்டம் எதிரே எஸ் என்றுதானே இருக்கிறது? அதையே கொடுக்கலாமே?” என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இத்தகைய கிருமி இரத்தத்தில் கலந்த நோயாளிகளிடம் இரு மருந்துகளையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், மெரோபெனம் பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. எனவே ‘எஸ்’ என்ற எழுத்தை மட்டும் கொண்டு மருந்தைத் தேர்வதில்லை.

இதே கிருமி, காய்ச்சலின்றி வெறும் நீர்க்கடுப்பை மட்டும் உண்டாக்கியிருந்தால், பட்டியலில் ‘எஸ்’ என்றிருக்கும் நைட்ரோஃபியூரன்டாயின் மாத்திரையே பெரும்பாலும் போதுமானது. எந்தத் தொந்தரவும் இல்லாதவரின் சிறுநீரில் இக்கிருமி தென்பட்டால், கர்ப்பகாலம், சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைக்கு முந்தைய நிலை போன்றவை தவிர, பொதுவாக மருந்தே வேண்டுவதில்லை.

‘எம்.ஆர்.எஸ்.ஏ.’ என்பது மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி. மெத்திசிலின் இன்று வழக்கில் இல்லை; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இக்கிருமி மருந்தைச் சிதைப்பதில்லை. மருந்து சென்று பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்கிறது. அதனால் பென்சிலின் வகையும், செஃபலோஸ்போரின்களில் ஏறக்குறைய அனைத்தும், முன்னவருக்குப் பயன்பட்ட மெரோபெனமும் இங்கே பயன்படா. கடுமையான தொற்றுக்குப் பெரும்பாலும் வான்கோமைசின் தருகிறோம். அதைக் குறைந்தது ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். விரைந்து ஏறினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பு ஏற்படலாம். அப்போது உடனே செவிலியரிடம் கூறுங்கள். சிறுநீரகத்தைக் கண்காணிக்க இரத்தப் பரிசோதனையும் இடையிடையே செய்யப்படும்.

அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். சில மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சல் வந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். புதிய கல்ச்சர் முடிவு வருவதற்கு முன் எந்த ஊசியைத் தொடங்குவது என்பதை அந்தப் பழைய தாள் மாற்றக்கூடும். மேற்கண்ட அம்மையார் இழந்த மூன்று நாள்களை அது மிச்சப்படுத்தும்.