சம்பளம் மாறினால் குடும்பநிதி எவ்வளவு?

பிரிட்டனில், பணியிலிருக்கையில் காலமாகும் ஊழியரின் குடும்பத்துக்கு ஆண்டுச் சம்பளத்தின் நான்கு மடங்கை வழங்கும் நிறுவனங்கள் பல உண்டு. எந்த நாளின் சம்பளம் என்பதில்தான் சூட்சுமம்.

1. திட்ட விதிகளில் கணக்கிடும் தேதியைப் பாருங்கள்: ஏப்ரலில் 30,000 பவுண்டாக இருந்த சம்பளம் ஜூலையில் 33,000 ஆக உயர்ந்து, செப்டம்பரில் ஒருவர் இறப்பாராயின், மரணநாளின் சம்பளத்தை ஏற்கும் திட்டம் 1,32,000 பவுண்டு அளிக்க, ஏப்ரல் சம்பளத்தையே ஆண்டு முழுதும் கொள்ளும் திட்டம் 1,20,000 மட்டுமே அளிக்கும்.

2. வேலைநேரத்தைக் குறைக்குமுன் எழுத்துமூலம் விசாரியுங்கள்; சம்பளத்தோடு நிதியும் குறையக்கூடும்.

3. பணம் யாருக்குச் சேரவேண்டுமென நீங்கள் குறித்த விருப்பப் படிவத்தைப் புதுப்பியுங்கள். அதை யாருக்கு வழங்குவதென்று பெரும்பாலும் திட்டத்தின் தர்மகர்த்தாக்களே தீர்மானிப்பதால், பழைய பெயர் அவர்களைத் திசைதிருப்பும்.