பாத்திரங்களின் உணர்வும் நோக்கமும்: பிரேம்சந்தின் ‘ஈத்கா’ வழியாக

பாடத்தின் நோக்கம்

சிறுகதையில் ஒரு பாத்திரம் எதை உணர்ந்தது, எதற்காக ஒரு செயலைச் செய்தது என்னும் இரண்டையும் பிரித்தறிதல். கதையிலிருந்தே சான்று காட்டி விடை எழுதுதல்.

முன்னுரை

பிரேம்சந்த் இந்தியில் எழுதிய ‘ஈத்கா’ என்னும் சிறுகதை 1933-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உங்களுள் பலர் இக்கதையை இந்தி வகுப்பில் படித்திருப்பீர்கள். கதை தெரியும் என்பதனாலேயே அதனை இப்பாடத்திற்குத் தேர்ந்துகொண்டோம். ‘என்ன நடந்தது?’ என்னும் வினாவிற்கு நீங்கள் எளிதில் விடை எழுதுகிறீர்கள். ‘ஏன் நடந்தது? அப்போது அவன் மனநிலை யாது?’ என்று கேட்டால் மீண்டும் கதையையே சுருக்கி எழுதிவிடுகிறீர்கள். மதிப்பெண் குறைவது அங்கேதான்.

கதைச் சுருக்கம்

ஹமீது நான்கைந்து வயதுச் சிறுவன். தாய் தந்தையை இழந்தவன். பாட்டி அமீனா தையல் வேலை செய்து அவனை வளர்க்கிறாள். தந்தை பணம் ஈட்டச் சென்றிருக்கிறார், தாய் இறைவனிடம் நல்ல பொருள்கள் வாங்கிவரச் சென்றிருக்கிறாள் என்று அவன் நம்புகிறான். ரமலான் பெருநாளன்று ஊர்ச் சிறுவர்களோடு தொழுகைத் திடலுக்குப் புறப்படுகிறான். அவனிடம் இருப்பது 3 காசு. நண்பன் மோசினிடம் இருப்பது 15 காசு. நண்பர்கள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். மண்பொம்மையும் இனிப்பும் வாங்குகிறார்கள். ஹமீது தன் 3 காசுக்கும் ஓர் இரும்பு இடுக்கியை வாங்குகிறான். அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும்போது பாட்டியின் விரல்கள் சுடுகின்றன என்பது அவன் நினைவில் இருந்தது. வீட்டிற்கு வந்ததும் பாட்டி முதலில் கடிந்துகொள்கிறாள். காரணம் அறிந்ததும் கண்ணீர் வடிக்கிறாள்.

1. உணர்வு வேறு, நோக்கம் வேறு

உணர்வு என்பது பாத்திரத்தின் உள்ளத்தில் அந்நேரத்தில் எழுவது: ஏக்கம், அச்சம், நாணம், பெருமிதம் போன்றவை. நோக்கம் என்பது செயலைச் செய்யத் தூண்டிய எண்ணம். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் உணர்வு கிடைக்கும், ‘எதற்காக?’ என்று கேட்டால் நோக்கம் கிடைக்கும்.

இவ்விரண்டோடும் பண்பைக் கலத்தல் கூடாது. ‘ஹமீது நல்லவன்’ என்பது பண்பு பற்றிய நம் தீர்ப்பு. அவன் அந்தக் கணத்தில் என்ன உணர்ந்தான் என்பதை அவ்விடை கூறவில்லை. மனநிலையைக் கேட்கும் வினாவிற்கு ‘நல்லவன்’, ‘புத்திசாலி’ என எழுதினால் வினாவைத் தொடாத விடையாகவே கொள்ளப்படும்.

2. வாய்ச்சொல் மட்டும் சான்றாகாது

நண்பர்கள் வாங்கிய பொம்மைகளைக் கண்டு, அவை வெறும் மண், விழுந்தால் நொறுங்கிவிடும் என்று ஹமீது இகழ்கிறான். இந்தச் சொல்லை மட்டும் கொண்டு ‘ஹமீதுக்குப் பொம்மைகளில் விருப்பம் இல்லை’ என்று பல மாணவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அதே இடத்தில் ஆசிரியர் மேலும் சில செய்திகளைத் தருகிறார். இகழும் அச்சிறுவனின் கண்கள் பொம்மைகளை ஏக்கத்தோடு பார்க்கின்றன. சற்று நேரமேனும் கையில் வைத்துக்கொள்ள மாட்டோமா என்று அவன் எண்ணுகிறான். கைகள் தாமாகவே நீளுகின்றன. நண்பர்கள் தருவதில்லை.

சொல் ஒன்று கூறக் கண்ணும் கையும் வேறொன்று கூறினால், அந்த முரணே உங்கள் விடைக்குச் சான்று. பொம்மைமீது ஆசை இருக்கிறது. வாங்கும் வசதி இல்லை. அந்த இயலாமையைப் பிறர் அறியாதவாறு மறைக்கவே அவன் இகழ்கிறான். இங்கே உணர்வு ஏக்கம். இகழ்ந்து பேசியதன் நோக்கம் தன்மானத்தைக் காத்துக்கொள்ளுதல்.

இனிப்புக் கடையிலும் இதுவே நிகழ்கிறது. மோசின் தருவதுபோல் நீட்டிவிட்டு, ஹமீது கை நீட்டியதும் தன் வாயில் போட்டுக்கொள்கிறான்; மற்றவர்கள் சிரிக்கிறார்கள். பின்னர் வேறொருவன் தர முன்வந்தபோது ஹமீது மறுத்துவிடுகிறான். இனிப்பின் தீமைகளைப் பற்றி நூல்கள் கூறுவதாகவும் சொல்கிறான். அவன் மறுத்தது இனிப்பு வேண்டாம் என்பதனால் அன்று. சற்று முன்பு பெற்ற அவமானம் இன்னும் ஆறவில்லை என்பதனால்.

3. விளைவைக் கண்டு நோக்கத்தை முடிவு செய்யாதீர்கள்

கடைக்காரர் முதலில் இடுக்கிக்கு 6 காசு கேட்கிறார். ஹமீதின் உள்ளம் சோர்கிறது. பின்பு 5 காசு என்று உறுதியாகக் கூறுகிறார். ஹமீது நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு 3 காசுக்குத் தருவீர்களா என்று கேட்டபடியே நடக்கத் தொடங்குகிறான். கடைக்காரர் அவனைத் திரும்ப அழைத்து இடுக்கியைக் கொடுக்கிறார்.

‘ஹமீது சாமர்த்தியமாகப் பேரம் பேசினான்’ என்று இங்கே விடை எழுதுவோர் உண்டு. விலை குறைந்தது விளைவு. அவன் நடந்ததன் காரணத்தை ஆசிரியரே கூறியுள்ளார்: கடைக்காரரின் அதட்டலைக் கேட்காதிருக்கவே அவன் அகன்றான். எனவே உணர்வு அச்சமும் கூச்சமும். அவற்றை மீறிக் கேட்கச் செய்தது இடுக்கி வேண்டும் என்னும் உறுதி. தந்திரம் என்பதற்குக் கதையில் சான்று இல்லை.

4. ஒரு செயலுக்குப் பல நோக்கங்கள் இருக்கலாம்

இடுக்கியைக் கண்டபோது ஹமீதின் உள்ளத்தில் ஓடிய எண்ணங்களை வரிசையாகப் பாருங்கள். முதலில் பாட்டியின் சுடும் விரல்கள் நினைவிற்கு வருகின்றன. அடுத்து, பொம்மையால் பயன் இல்லை, இடுக்கி வீட்டிற்கு உதவும் என்று கருதுகிறான். பின்பு தனக்கு எதுவும் தராத நண்பர்கள்மீது சினம் எழுகிறது. இடுக்கியைக் கண்டு பாட்டி வாழ்த்துவாள், அண்டை வீட்டாரிடம் காட்டி மகிழ்வாள் என்று கற்பனை செய்கிறான். தந்தை திரும்பி வந்தபின் நண்பர்களுக்குக் கூடை கூடையாகப் பொம்மை கொடுத்து, நண்பரிடம் நடந்துகொள்ளும் முறையை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றும் எண்ணுகிறான்.

அன்பு, பயன் கருதுதல், மனக்காயம், பாராட்டுப் பெறும் விருப்பம் ஆகிய நான்கும் இங்கே உள்ளன. முதன்மையானது பாட்டியின்மீதுள்ள அன்பு. ஏனெனில் அதுவே முதலில் எழுகிறது, பாட்டியிடம் அவன் கூறும் காரணமும் அதுவே. மற்றவை துணை நோக்கங்கள். அவற்றை எழுதினால் ஹமீதின் பெருமை குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். சினமும் ஆசையும் உடைய ஒரு சிறுவன் தன் கையிலிருந்த முழுப் பணத்தையும் பாட்டிக்காகச் செலவிட்டான் என்பதே கதை. ஆசையே இல்லாதவன் விட்டுக்கொடுத்தான் என்றால் அதில் விட்டுக்கொடுத்தல் எங்கே இருக்கிறது?

5. அமீனாவின் கண்ணீர்

இடுக்கியைக் கண்டதும் அமீனா மார்பில் அடித்துக்கொண்டு கடிகிறாள். நண்பகலாகியும் பிள்ளை எதுவும் உண்ணவில்லை, பருகவில்லை என்பதே அவள் கவலை. ஆகவே அந்தச் சினமும் அன்பிலிருந்து பிறந்ததே. ஹமீது குற்றம் செய்தவன் போன்ற குரலில் காரணத்தைக் கூறியதும் சினம் மறைகிறது. பிற பிள்ளைகள் தின்பதையும் விளையாடுவதையும் பார்த்து இவன் உள்ளம் எவ்வளவு ஏங்கியிருக்கும், எவ்வாறு அதனை அடக்கினான் என்று அவள் எண்ணிப் பார்க்கிறாள். பிறகே அழுகிறாள்.

இக்கண்ணீரை ‘மகிழ்ச்சி’ என ஒரு சொல்லில் முடித்தல் போதாது. பேரனின் அன்பைக் கண்ட நெகிழ்ச்சி அதில் உண்டு. இத்தனை சிறு வயதில் ஆசையை அடக்கும் நிலை அவனுக்கு வந்ததே என்னும் துயரும் உண்டு. அவள் ஏன் அழுகிறாள் என்பது ஹமீதுக்கு விளங்கவில்லை. பாத்திரம் அறியாத ஒன்றைப் படிப்பவர் அறிகிறார். ஆகவே ‘பாட்டியின் துயரை உணர்ந்து ஹமீது வருந்தினான்’ என்று எழுதினால் அது கதைக்கு மாறான விடையாகும்.

6. விடை எழுதும் முறை

*வினா:* ஹமீது பொம்மை வாங்காமல் இடுக்கி வாங்கியது ஏன்? அப்போது அவன் மனநிலை யாது? (3 மதிப்பெண்)

*குறைவுடைய விடை:* ஹமீது நல்ல சிறுவன். அவனுக்குப் பொம்மை பிடிக்காது. பாட்டியின்மீது அன்பு உடையவன். அதனால் இடுக்கி வாங்கினான்.

இவ்விடையில் முதல் தொடர் பண்பைக் கூறுகிறது. இரண்டாம் தொடர் பிழையானது. மூன்றாம் தொடர் சரியானது; ஆயினும் சான்று இல்லை. மனநிலையைப் பற்றி ஒன்றும் இல்லை.

*நிறைவான விடை:* ரொட்டி எடுக்கும்போது பாட்டியின் விரல்கள் சுடுவதை நினைத்து, அத்துன்பத்தைப் போக்கும் நோக்கத்துடன் ஹமீது இடுக்கி வாங்கினான். பொம்மைகளை அவன் இகழ்ந்து பேசினாலும், கண்கள் ஏக்கத்தோடு பார்த்தன, கைகள் நீண்டன என்பதனால் அவற்றின்மீது ஆசை இருந்தது தெரிகிறது. எனவே அவன் மனநிலையில் ஏக்கமும், நண்பர்கள் தராததால் ஏற்பட்ட வருத்தமும், அவற்றினும் மேலாகப் பாட்டியின்மீதான அன்பும் கலந்திருந்தன.

இவ்விடை மூன்றே தொடர்களால் ஆனது. முதல் தொடரில் நோக்கம், இரண்டாவதில் சான்று, மூன்றாவதில் உணர்வு அமைந்துள்ளன. எழுதி முடித்ததும் ஒவ்வொரு தொடரையும் சுட்டி, ‘இது கதையில் எங்கே உள்ளது?’ என்று உங்களையே கேளுங்கள். இடம் காட்ட இயலாத தொடரை அடித்துவிடுங்கள்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தில் பொருத்தமான உணர்வுச் சொல்லை எழுதுக. (ஏக்கம், அச்சம், நெகிழ்ச்சி)

1. விலை கேட்டபடியே கடையைவிட்டு அகன்றபோது ஹமீதிடம் இருந்தது ________.
2. நண்பர்களின் கையிலிருந்த பொம்மைகளைப் பார்த்தபோது அவனிடம் எழுந்தது ________.
3. காரணம் அறிந்தபின் அமீனாவிடம் தோன்றியது ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளி.

1. நண்பன் தர முன்வந்த இனிப்பை ஹமீது மறுத்ததன் நோக்கம் யாது?
2. அமீனாவின் சினத்திற்குக் காரணம் யாது? அச்சினம் எதனைக் காட்டுகிறது?

இ. சான்றுடன் விடையளி.

1. வீடு திரும்பும் வழியில் ஹமீது தன் இடுக்கியை மற்றெல்லாப் பொம்மைகளினும் உயர்ந்தது எனப் புகழ்கிறான். வாதில் வென்றபின் நண்பர்களைத் தேற்றவும் செய்கிறான். இவ்விரு செயல்களின் நோக்கங்களையும் வேறுபடுத்தி எழுதுக.
2. மோசின் இனிப்பை நீட்டி ஏமாற்றியது கொடுமையா, விளையாட்டா? அவன் நோக்கம் யாதாக இருக்கும் என்பதைக் கதை நிகழ்ச்சி கொண்டு விளக்குக.